மதிப்பைக் கேட்டால் ஈவும் சேர்ந்து வரும்

ஒன்பதாம் வகுப்புக் கணிதத்தில் தொகுமுறை வகுத்தல் என்றொரு பாடம் வரும். கெழுக்களை ஒரே வரியில் எழுது, முதல் கெழுவை அப்படியே கீழே இறக்கு, பெருக்கு, அடுத்ததோடு கூட்டு, மறுபடி பெருக்கு, கூட்டு. கடைசியில் நிற்பது மீதி, அதற்கு முன்னால் வந்ததெல்லாம் ஈவின் கெழுக்கள். எனக்கு இது வெகுநாள் மந்திரம் மாதிரிதான் இருந்தது. விடை சரியாக வரும், ஏன் வருகிறது என்று தெரியாது. காரணம் புரிந்தபோது அது வகுத்தலிலிருந்து கிளம்பவில்லை. ஒரு மதிப்பைக் கணக்கிடும் வேலையிலிருந்து கிளம்பியது.

ஒரு எடுத்துக்காட்டோடு போவோம். நியூட்டன் 1669-இல் சமன்பாடுகளைத் தீர்க்கும் தன் முறையை விளக்க எடுத்துக்கொண்ட பல்லுறுப்புக்கோவை இது:

```
p(x) = x³ − 2x − 5
```

இதில் x = 2 என்றால் மதிப்பு என்ன? நேராகப் போனால் 8 − 4 − 5 = −1. மூன்றாம் படி என்பதால் சுலபம். பத்தாம் படியில் ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியாக முதலிலிருந்து பெருக்கிக்கொண்டு வந்தால் 55 பெருக்கல்கள் ஆகும். அடுக்குகளைச் சேமித்து வைத்துக்கொண்டால்கூட 19. ஆனால் கோவையை வேறு விதமாக எழுதலாம். கடைசி உறுப்பைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் x இருக்கிறது, அதை வெளியே எடுப்போம். உள்ளே மிஞ்சியதிலும் அதையே செய்வோம்.

```
p(x) = ((1·x + 0)·x − 2)·x − 5
```

அடைப்புக்குள் அடைப்பு. இப்போது உள்ளிருந்து வெளியே வர வேண்டியதுதான். x = 2 என்று வைத்தால், 1-இல் தொடங்குகிறோம். 1×2 + 0 = 2. அப்புறம் 2×2 − 2 = 2. அப்புறம் 2×2 − 5 = −1. எந்த இடத்திலும் அடுக்கு கிடையாது. ஒவ்வொரு படிக்கும் ஒரு பெருக்கல், ஒரு கூட்டல், அவ்வளவுதான். பத்தாம் படிக்குப் பத்துப் பெருக்கல் போதும். கெழுக்களை முன்கூட்டியே வேறு வடிவுக்கு மாற்றி வைத்துக்கொள்ளாமல், எல்லாக் கோவைகளுக்கும் பொருந்தும் ஒரே வழியாக இதைவிடக் குறைந்த பெருக்கலில் முடிக்கவே முடியாது என்று விக்டர் பான் 1966-இல் நிறுவினார்.

இனி வழியில் வந்த எண்களைப் பாருங்கள்: 1, 2, 2, கடைசியில் −1. மதிப்பு மட்டும் வேண்டும் என்பவர் முன்னால் வந்த மூன்றையும் அழித்துவிடுவார். ஆனால் அவைதான் ஈவு. p(x)-ஐ (x − 2)-ஆல் வகுத்தால் ஈவு x² + 2x + 2, மீதி −1.

ஏன் அப்படி? ஈவின் கெழுக்கள் தெரியாது என்று வைத்துக்கொண்டு, அவற்றை B, C, D என்போம், மீதியை R என்போம். (x − 2)(Bx² + Cx + D) + R என்பதைப் பெருக்கி விரித்தால் x³-இன் கெழு B. x²-இன் கெழு C − 2B. x-இன் கெழு D − 2C. மாறிலி R − 2D. இவை முறையே 1, 0, −2, −5 ஆக இருக்க வேண்டும். ஆகவே B = 1, C = 0 + 2B, D = −2 + 2C, R = −5 + 2D. நாம் சற்று முன் செய்த பெருக்கல்–கூட்டல் வரிசையேதான் இது. (x − 2)-இல் உள்ள −2 மறுபக்கம் போகும்போது +2 ஆகிறது, அந்த +2-தான் நாம் ஒவ்வொரு முறையும் பெருக்கிய எண். மந்திரம் இவ்வளவே. மீதிதான் p(2) என்று சொல்லும் மீதித் தேற்றமும் இதிலேயே அடங்கிவிடுகிறது.

இங்கே அடிக்கடி நேரும் தவறு ஒன்று உண்டு. x² உறுப்பே இல்லையே என்று 0-ஐ விட்டுவிட்டு 1, −2, −5 என்று எழுதிவிடுவோம். அப்படிச் செய்தால் 1, 0, −5 வரும், மதிப்பு −5 என்று தப்பாகக் கிடைக்கும். மூன்றாம் படிக் கோவைக்கு நான்கு கெழுக்கள் இருந்தாக வேண்டும். பெருக்கத் தொடங்கும் முன் ஒருமுறை எண்ணிப் பார்த்தால் போதும்.

சரி, ஈவு கையில் இருக்கிறது. அதை வைத்து என்ன செய்வது? அதன் மதிப்பையும் அதே 2-இல் கண்டுபிடிப்போம். 1, 2, 2 என்ற கெழுக்களுக்கு: 1, பிறகு 1×2 + 2 = 4, பிறகு 4×2 + 2 = 10. இந்த 10 சும்மா ஒரு எண் அல்ல. p(x) − p(2) என்பது (x − 2)-ஐ ஈவால் பெருக்கியது. அப்படியானால் 2-க்கும் x-க்கும் இடையே கோவை சராசரியாக எந்த வேகத்தில் மாறுகிறது என்பதை ஈவு சொல்கிறது. x-ஐ 2-க்கு நெருக்கிக்கொண்டே போனால் அந்தச் சராசரி வேகம் 2 என்ற புள்ளியில் உள்ள வேகமாகிறது, அதாவது வகைக்கெழுவாகிறது. 3x² − 2-இல் 2-ஐப் போட்டுப் பாருங்கள், 10 வரும். வகையிடாமலேயே வகைக்கெழு கிடைத்துவிட்டது.

நிறுத்தாமல் இன்னும் கீழே போகலாம். 1, 4 என்ற அடுத்த ஈவுக்கு 1×2 + 4 = 6. கடைசியில் 1 மிஞ்சுகிறது. முழு அட்டவணை:

```
1   0  -2  -5
1   2   2  -1
1   4  10
1   6
1
```

கெழுக்கள் உள்ள மேல் வரியை விட்டுவிட்டு, ஒவ்வொரு வரியின் கடைசி எண்ணையும் கீழிருந்து மேலே படித்தால் 1, 6, 10, −1. x-ஐ 2 + t என்று மாற்றினால் நம் கோவை t³ + 6t² + 10t − 1 ஆகும் என்பதே இதன் பொருள். கோவையின் மதிப்பு பூச்சியமாகும் x-ஐ, அதாவது அதன் மூலத்தைத் தேடிய நியூட்டன் எழுதியதும் இதே கோவைதான். t சிறியது என்பதால் t³, t² இரண்டையும் விட்டுவிட்டு 10t = 1 என்றார், t = 0.1. ஆக, அடுத்த மதிப்பீடு 2.1.

இந்த அட்டவணை முறைக்குத்தான் ஹார்னர் பெயர் ஒட்டிக்கொண்டது. இங்கிலாந்தின் பாத் நகரில் பள்ளி நடத்திய வில்லியம் ஜார்ஜ் ஹார்னர் 1819-இல் இதை வெளியிட்டார். இத்தாலியில் பவுலோ ருஃபினி 1804-லேயே எழுதியிருந்தார். சீனாவில் சின் ஜியூஷாவ் 1247-இல் எழுதிய நூலில் உயர்படிச் சமன்பாடுகளை இந்த வழியில்தான் தீர்க்கிறார். பெயர் நியாயமாக இருந்திருந்தால் அவருடையதாகத்தான் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

மூலத்தைக் கண்டுபிடிக்க, கெழுக்களுக்குக் கீழே வரும் முதல் இரண்டு வரிகளே போதும். மதிப்பை வகைக்கெழுவால் வகுத்து, அதை இப்போதைய மதிப்பீட்டிலிருந்து கழிக்க வேண்டும். 2.1-இல் முதல் வரி 1, 2.1, 2.41, 0.061. இரண்டாவது வரி 1, 4.2, 11.23. 0.061-ஐ 11.23-ஆல் வகுத்தால் 0.00543. கழித்தால் 2.09457. உண்மையான மூலம் 2.0945514 என்று தொடர்கிறது, இரண்டே சுற்றில் அதன் பக்கத்தில் வந்துவிட்டோம்.

கணினியில் இரண்டு வரிகளையும் ஒரே ஓட்டத்தில் முடிக்கலாம்:

```python
def horner(a, c):
    b = 0
    d = 0
    for k in a:
        d = d*c + b
        b = b*c + k
    return b, d
```

b என்பது மதிப்பு, d என்பது வகைக்கெழு. `horner([1, 0, -2, -5], 2)` என்று கேட்டால் −1, 10 இரண்டும் வரும். d-க்கான வரி முதலில் இருப்பதைக் கவனியுங்கள். ஈவின் ஒவ்வொரு கெழுவும் b-இல் கொஞ்ச நேரம்தான் தங்கும், அடுத்தது வந்து அதை அழிக்கும் முன்பே d அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். வரிகளை இடம் மாற்றினால் நிரல் பிழை எதுவும் காட்டாது, வகைக்கெழு மட்டும் தப்பாக வரும்.

ஒரு மூலம் கிடைத்ததும் அந்தக் காரணியைக் கழற்றிவிட்டு, ஈவில் மற்ற மூலங்களைத் தேடுவது வழக்கம். நம் கோவையில் ஈவு ஏறத்தாழ x² + 2.0946x + 2.3871. இதன் தன்மைகாட்டி குறையெண், ஆகவே மற்ற இரண்டு மூலங்களும் கலப்பெண்கள். இதில் சிக்கல் இல்லை. சிக்கல் எங்கே வரும் என்பதைக் காட்ட இன்னும் எளிய ஒன்றை எடுக்கிறேன்: x² − 101x + 100. மூலங்கள் 1, 100.

பெரிய மூலத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு பிழையோடு 100.1 என்று கண்டுபிடித்ததாக வைத்துக்கொள்வோம். அதை வைத்து வகுத்தால் 1, −0.9, மீதி 9.91. மீதியை எறிந்துவிட்டால் ஈவு x − 0.9. இன்னொரு மூலம் 0.9 ஆகிவிட்டது, பத்து சதவீதப் பிழை! மாறாக, சிறிய மூலத்தை அதே விகிதப் பிழையோடு 1.001 என்று எடுத்தால் 1, −99.999, மீதி சுமார் −0.1. மற்ற மூலம் 99.999, பிழை லட்சத்தில் ஒரு பங்கு.

முதல் கெழுவிலிருந்து வகுத்து வரும்போது மூலங்களின் கூட்டுத்தொகையான 101 மாறாமல் காக்கப்படுகிறது. அதனால் ஒன்றில் உள்ள 0.1 பிழை அப்படியே மற்றதன் தலையில் ஏறுகிறது. 100-க்கு 0.1 தூசு, 1-க்கு அது பெரிய சுமை. ஆகவே இந்த முறையில் சிறிய மூலத்தை முதலில் கழற்ற வேண்டும். பெரியதுதான் முதலில் கிடைத்தது என்றால் கடைசிக் கெழுவிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வகுக்கலாம். அப்போது காக்கப்படுவது பெருக்குத்தொகையான 100. 100-ஐ 100.1-ஆல் வகுத்தால் 0.999, விகிதப் பிழை வளரவில்லை.

எச்சரிக்கை மணியும் இதே கணக்கிலேயே இருக்கிறது. எறியப் போகும் மீதியை ஒருமுறை பாருங்கள். மாறிலி உறுப்பு 100, மீதி 9.91. மாறிலியில் பத்தில் ஒரு பங்கை எறிகிறோம் என்றால் ஈவை நம்பக் கூடாது.

ஏற்கெனவே எறிந்துவிட்டோம், 0.9 மட்டும்தான் கையில் இருக்கிறது என்றாலும் வழி உண்டு. ஈவிடம் போகாமல், வகுக்கும் முன் இருந்த முழுக் கோவையிடமே 0.9-ஐக் கொண்டுபோக வேண்டும். முதல் வரி 1, −100.1, 9.91. இரண்டாவது வரி 1, −99.2. மதிப்பை வகைக்கெழுவால் வகுத்து 0.9-இலிருந்து கழித்தால் 0.9 + 0.0999, அதாவது 0.9999.