நிலம் சிறியது என்று மனுவைத் திருப்பினால்: கால்பந்துக் கள அளவும் பெனால்டி பாக்ஸும்

முழு ஆட்டத்துக்கான கால்பந்துக் களம் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் இருந்தே ஆக வேண்டும் என்று கால்பந்து ஆட்ட விதிகளில் எங்கும் சொல்லப்படவில்லை. ஆனால் காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் மைதானம் கேட்டு மனு கொடுக்கும் இளைஞர்களுக்கு, ‘உங்கள் நிலம் ஃபிஃபா அளவுக்கு வராது’ என்ற பதில்தான் பல ஆண்டுகளாகக் கிடைத்துக்கொண்டிருக்கிறது. ஃபிஃபாவின் பெயரைக் கேட்டவுடன் மனு கொடுத்தவர்கள் பேசாமல் திரும்பிவிடுகிறார்கள். சீமைக் கருவேலம் மறுபடியும் மண்டி, அந்த இடம் கைவிட்டுப் போகிறது. இதைப் பலமுறை பார்த்துவிட்டதால்தான் அளவுகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

கால்பந்து ஆட்ட விதிகளில் முதல் விதி களத்தைப் பற்றியது. அதன்படி நீளம் 90 முதல் 120 மீட்டர் வரையிலும், அகலம் 45 முதல் 90 மீட்டர் வரையிலும் இருக்கலாம். நாடுகளுக்கிடையிலான ஆட்டங்களுக்கு மட்டுமே நீளம் 100 முதல் 110, அகலம் 64 முதல் 75 என்று நெருக்கிக் கட்டியிருக்கிறார்கள். பக்கக் கோடு கோல் கோட்டைவிட நீளமாக இருக்க வேண்டும் என்பதால் சதுரமான களம் மட்டும் செல்லாது. ஊர் மைதானத்துக்குத் தெரிய வேண்டிய விதி இவ்வளவுதான். 105-க்கு 68 என்பது பெரிய போட்டிகள் விரும்பும் அளவு. அதைக் காட்டி ஊராட்சி மைதானத்தை மறுப்பதற்கு விதியில் இடமில்லை.

செட்டிநாட்டு ஊர் ஒன்றில் நடந்ததைக் கணக்கோடு சொல்கிறேன். அரசுத் தரிசாக இருந்த செம்மண் நிலம், 98 மீட்டர் நீளம், 52 மீட்டர் அகலம், மொத்தம் ஏறக்குறைய 1 ஏக்கர் 26 சென்ட். ‘இரண்டு ஏக்கருக்குக் குறைந்தால் கால்பந்து மைதானம் கிடையாது’ என்று ஓர் அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினார்கள். அடுத்த அலுவலகத்துக்குப் போனால், முதல் அலுவலகத்தின் கருத்துரையோடு வரச் சொன்னார்கள். முதல் அலுவலகமோ எழுத்தில் எதையும் தர மறுத்தது. உண்மையில் அந்த நிலத்தில் நான்கு பக்கமும் 3 மீட்டர் பாதுகாப்பு இடைவெளி விட்டாலும், 92 மீட்டர் நீளமும் 46 மீட்டர் அகலமும் கொண்ட களம் அமையும். 90-க்கும் மேல், 45-க்கும் மேல். விதிப்படி அது பதினொருவர் ஆடும் முழுக் களம்.

இதற்கு நேர்மாறான பொறியும் உண்டு. அ-பதிவேட்டில் நிலத்தின் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் மட்டுமே இருக்கும். வடிவம் அதில் தெரியாது. 200 மீட்டர் நீளமும் 40 மீட்டர் அகலமுமாகச் சாலையோரம் நீண்டு கிடக்கும் நிலம் பரப்பில் ஏறக்குறைய இரண்டு ஏக்கர் வரும். ஆனால் அகலம் 45-ஐத் தொடாததால் அதில் முழுக் களம் போடவே முடியாது. அத்தகைய நிலத்தை ஒதுக்கிவிட்டு ‘மைதானம் கொடுத்தாயிற்று’ என்று கோப்பை மூடிவிடுவார்கள். அதனால் மனு எழுதுவதற்கு முன்பே eservices.tn.gov.in தளத்தில் அந்தப் புல எண்ணுக்கான புலப்படத்தை எடுத்துவிடுங்கள். அதில் ஒவ்வொரு பக்கத்தின் நீளமும் தெரியும். நம் பக்கத்து நிலங்கள் பெரும்பாலும் ஒரு முனையில் அகன்றும் மறுமுனையில் ஒடுங்கியும் இருக்கும். ஒடுங்கிய முனையின் அகலத்தைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும்.

கண்மாய் உள்வாயையும் ஊருணிக் கரையையும் கேட்டு மனு போட வேண்டாம். கோடையில் கண்மாய்க்குள் ஆடுவது வழக்கம்தான், ஆனால் நீர்நிலைப் புறம்போக்கு என்ற ஒரு சொல்லிலேயே மனு விழுந்துவிடும். அது நியாயமான மறுப்பும்கூட. மேய்ச்சல் நிலம் என்று பதிவாகியிருந்தாலும் சிக்கல் வரும். நிலத்தின் வகையை அ-பதிவேட்டில் பார்த்துவிட்டு, நூறு நாள் வேலைத் திட்டப் பணிகளில் விளையாட்டு மைதானமும் இடம்பெற்றிருந்தது என்பதையும் எடுத்துச் சொல்லி, கிராம சபைக் கூட்டத்தில் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். தீர்மானத்தில் புல எண்ணையும், ‘92-க்கு 46 மீட்டர் களம், ஆட்ட விதிகளின் குறைந்தபட்ச அளவான 90-க்கு 45-ஐ விடக் கூடுதல்’ என்ற வரியையும் எழுத வைக்க வேண்டும். அந்த வரி இருந்தால், மறுப்பவர் காரணத்தை எழுத்தில் தந்தாக வேண்டிய நிலை வரும். வாய்மொழி மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வழியில்லை என்பது அவர்களுக்கும் தெரியும்.

நிலம் கிடைத்த பிறகு, அதிகமானோர் ஏமாறுவது பெனால்டி பாக்ஸில்தான். களம் சிறியதானால் பாக்ஸையும் சுருக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பதினொருவர் ஆடும் முழுக் களத்தில் அப்படிச் சுருக்க முடியாது. களம் 90 மீட்டரானாலும் 120 மீட்டரானாலும் பாக்ஸின் அளவு ஒன்றே. கோல் கம்பங்களின் உட்புறம் ஒவ்வொன்றிலிருந்தும் பக்கவாட்டில் 16.5 மீட்டர், அங்கிருந்து களத்துக்குள் 16.5 மீட்டர். இரு கம்பங்களுக்கும் இடையே 7.32 மீட்டர் இருப்பதால், பாக்ஸின் மொத்த அகலம் 40.32 மீட்டர். மேலே சொன்ன 46 மீட்டர் அகலக் களத்தில் இது அடங்கி, இருபுறமும் 2.84 மீட்டர் மிஞ்சும். பார்வைக்கு நெருக்கமாகத் தெரிந்தாலும் விதிப்படி சரி.

தவறு எங்கே நேர்கிறது என்றால், அளவு நாடாவைக் கம்பத்தில் பிடிக்காமல் கோலின் நடுவில் பிடிக்கிறார்கள். நடுவிலிருந்து இருபுறமும் 16.5 என்று அளந்தால் பாக்ஸ் 33 மீட்டராகச் சுருங்கி, ஒவ்வொரு பக்கமும் 3.66 மீட்டர் காணாமல் போகும். திருவிழாவை ஒட்டி நடந்த ஒரு போட்டியில் இதன் விளைவைக் கண்ணால் பார்த்தேன். கோலின் நடுவிலிருந்து பக்கவாட்டில் சுமார் 18 மீட்டரிலும், கோல் கோட்டிலிருந்து ஐந்து மீட்டரிலும் ஒரு பையனைக் காலில் தட்டி வீழ்த்தினார்கள். சரியாகப் போட்ட பாக்ஸாக இருந்தால் அது பெனால்டி. கோடு உள்ளே இருந்ததால் வெறும் ஃப்ரீ கிக் கிடைத்தது. ஆட்டம் முடிந்து நாடாவோடு போய் அளந்து காட்டியபோது, அமைப்புக் குழு நடுவரைக் கை காட்டியது, நடுவர் உடற்கல்வி ஆசிரியரைக் கை காட்டினார், அவரோ கோடு போட்ட கூலியாளைக் கை காட்டினார். அந்தக் கூலியாளுக்கு 16.5 என்ற எண்ணை மட்டும் சொல்லி, எங்கிருந்து அளக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கோடு போடும்போது மூலை மட்டத்துக்கு நம் கொத்தனார்கள் வீட்டுக்கு வானம் தோண்டும்முன் கயிறு கட்டும் முறையே போதும்: ஒரு பக்கம் 6 மீட்டர், மறுபக்கம் 8 மீட்டர், குறுக்கே 10 மீட்டர் வந்தால் மூலை சரி. பாக்ஸை முடித்தபின் மூலைக்கு மூலை குறுக்காக அளந்தால் இரண்டு பக்கமும் 43.57 மீட்டர் வர வேண்டும். ஒன்று கூடி மற்றொன்று குறைந்தால் பாக்ஸ் கோணியிருக்கிறது என்று பொருள். கோடுகளின் அகலம் 12 சென்டிமீட்டருக்கு மிகக் கூடாது, கோல் கோடு கம்பத்தின் தடிமன் அளவே இருக்க வேண்டும். கோடு தான் சூழும் பகுதியைச் சேர்ந்தது என்பதால் 16.5 மீட்டருக்குள் கோட்டின் அகலமும் அடக்கம். அளவுக்குக் கயிறு கட்டிவிட்டு, கயிற்றுக்கு உட்பக்கமாகப் பொடியைத் தூவுங்கள். கோட்டின் மேல் நடந்த தவறும் பாக்ஸுக்குள் நடந்ததாகவே கொள்ளப்படும்.

பெனால்டி புள்ளி இரு கம்பங்களின் நடுவிலிருந்து 11 மீட்டர். நடுவிலிருந்து அளக்க வேண்டியது இது ஒன்றைத்தான். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் மேலே சொன்ன பிழை வருகிறது. பாக்ஸுக்கு வெளியே தெரியும் வளைவை அந்தப் புள்ளியில் முளை அடித்து 9.15 மீட்டர் கயிற்றால் போட வேண்டும், கோல் கோட்டிலிருந்து அல்ல. வளைவு சரியாக விழுந்தால், பாக்ஸ் கோட்டில் அதன் இரு முனைகளுக்கும் இடையே 14.6 மீட்டர் இருக்கும். வளைவுக்குள் நடக்கும் தவறுக்குப் பெனால்டி கிடையாது. உதைக்கும் நேரத்தில் மற்றவர்களைத் தள்ளி நிறுத்துவதற்கு மட்டுமே அது இருக்கிறது.

நம் ஊர்களில் அதிகம் நடக்கும் செவன்ஸ், ஃபைவ்ஸ் ஆட்டங்களின் நிலை வேறு. இவற்றுக்கு முதல் விதியில் தனி அளவு இல்லை. சிறுவர் ஆட்டத்துக்கும் அடித்தள ஆட்டத்துக்கும் அளவை மாற்றிக்கொள்ளத் தேசியச் சங்கங்களுக்கு அனுமதி இருக்கிறது. இங்கிலாந்துச் சங்கம் சிறுவர்களுக்குப் பரிந்துரைக்கும் அளவு நல்ல வழிகாட்டி: ஐவருக்கு 37-க்கு 27 மீட்டர், எழுவருக்கு 55-க்கு 37, ஒன்பதின்மருக்கு 73-க்கு 46. எழுவர் களத்தின் அகலமே 37 என்றால், 40.32 மீட்டர் பாக்ஸ் அதில் அடங்காது. ஆனாலும் ‘பாக்ஸ் முழு அளவு’ என்று துண்டறிக்கையில் அச்சடித்துவிட்டு, களத்தில் கண்மதிப்பாகக் கோடு போடும் குழுக்கள் இருக்கின்றன. ஒரு முனையில் 12 மீட்டர், மறுமுனையில் 10 மீட்டர் என்று பாக்ஸ் அமைந்த ஆட்டத்தில் எந்த அணியும் நியாயம் கேட்க முடியாது. ஃபுட்சாலுக்கு மட்டும் அளவு உறுதியாக இருக்கிறது: இரு கம்பங்களின் வெளிப்புறத்திலிருந்தும் 6 மீட்டர் ஆரத்தில் கால்வட்டம், அவற்றை இணைக்க 3.16 மீட்டர் நேர்கோடு. மற்ற சிறு ஆட்டங்களில் கள நீளம், அகலம், பாக்ஸின் இரு அளவுகள், புள்ளியின் தூரம் ஆகிய ஐந்தையும் நுழைவுக் கட்டணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் குழுவுக்குப் பணம் கட்டாதீர்கள்.

கோட்டுக்குச் சுட்ட சுண்ணாம்பை வாங்கி வர வேண்டாம். வியர்வை பட்டால் தோலை அரிக்கும், கண்ணில் பட்டால் பார்வையையே கெடுத்துவிடும். சாக்பீஸ் பொடி போதும்.

புகாரைப் பொறுத்தவரை நேரம்தான் எல்லாம். ஆட்டத்தில் நடந்தவை பற்றிய நடுவரின் முடிவு இறுதியானது என்பதால், ஆட்டம் முடிந்த பிறகு அளந்து காட்டும் எந்தக் கணக்கும் முடிவை மாற்றாது. ஃபிஃபாவின் போட்டி விதிகளிலேயே, களம், கோடுகள், கோல் கம்பங்கள் பற்றிய புகாரை ஆட்டம் தொடங்கும் முன்பு நடுவரிடம் எழுத்தில் தர வேண்டும் என்றுதான் இருக்கிறது. உள்ளூர்ப் போட்டிகள் பலவும் இதையே பின்பற்றுகின்றன. அணி களத்துக்கு வந்தவுடன் ஒருவர் நாடாவோடு இரண்டு பாக்ஸையும் கம்பத்தின் உட்புறத்திலிருந்து அளக்கட்டும். பிழை இருந்தால் அளவையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி, அணித் தலைவர் கையெழுத்திட்டு, எதிரணித் தலைவர் முன்னிலையில் நடுவரிடம் கொடுத்து, நகலில் அவர் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.