ஏழு சதவீதம் வளர எவ்வளவு போட வேண்டும்?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை, பழைய உலர்ப்பானோடு புதிதாக ஒன்றையும், இலை வாட்டும் தொட்டிகள் சிலவற்றையும் சேர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். செலவு 2 கோடி ரூபாய். அதற்குப் பிறகு ஆண்டுக்கு 2 கோடி ரூபாய்க்குத் தேயிலைத்தூள் கூடுதலாக விற்கிறது. போட்ட 2 கோடிக்கு 2 கோடி வந்துவிட்டதே என்று கணக்கை அங்கேயே மூடிவிடக் கூடாது. ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலரை கிலோ பச்சைத் தேயிலை வேண்டும். அந்த இலையை விவசாயிகளிடம் வாங்க 1.3 கோடி, விறகுக்கும் மின்சாரத்துக்கும் 20 லட்சம் போய்விட்டால் மிஞ்சுவது 50 லட்சம்தான். தொழிற்சாலை புதிதாகச் சேர்த்த மதிப்பு இதுவே. ஆட்களின் கூலியை இதிலிருந்து கழிக்கக் கூடாது, அதுவும் இந்த 50 லட்சத்துக்குள் அடங்கியது.

2 கோடியை 50 லட்சத்தால் வகுத்தால் 4. அதாவது ஆண்டுக்கு ஒரு ரூபாய் கூடுதல் உற்பத்தி கிடைக்க 4 ரூபாய் மூலதனம் போக வேண்டியிருக்கிறது. இதுதான் கூடுதல் மூலதன–உற்பத்தி விகிதம். பொருளாதாரம் படித்தவர்கள் சுருக்கமாக ‘ஐகார்’ என்பார்கள். விற்பனையை வைத்து வகுத்திருந்தால் 1 என்று வந்து நம்மை ஏமாற்றியிருக்கும்.

ஒரு தொழிற்சாலைக்குப் போட்ட இதே கணக்கை ஒரு நாட்டுக்கோ மாவட்டத்துக்கோ போட்டால், திட்டமிடுபவர்கள் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்தும் சூத்திரம் வந்துவிடும்:

தேவையான முதலீட்டு விகிதம் = ஐகார் × இலக்கு வளர்ச்சி

ஐகார் 4, இலக்கு 7% என்றால், வருமானத்தில் 28% முதலீடாக வேண்டும். 1939-இல் ராய் ஹாரட், 1946-இல் எவ்சி டோமர் எனப் பொருளாதார அறிஞர்கள் இருவர் தனித்தனியே எழுதியவற்றிலிருந்து இது பிறந்தது. இந்தியாவின் முதல் ஐந்தாண்டுத் திட்டமும் (1951–56) இந்த வழியில்தான் யோசித்தது. ஆனால் அந்தத் திட்டத்தின் இலக்கு 2.1%, நடந்தது 3.6%. மழை நன்றாகப் பெய்ததும் அதற்கு ஒரு முக்கியக் காரணம். மூன்றாம் திட்டத்தில் நேர்மாறாக, இலக்கு 5.6%, கிடைத்தது அதில் பாதியளவு. போரும் வறட்சியும் வந்து சேர்ந்தன. பெருக்கல் இரண்டு முறையும் சரிதான். பெருக்குவதற்கு எடுத்துக்கொண்ட ஐகார் எண்தான் அந்த ஆண்டுகளுக்குப் பொருந்தவில்லை.

அதனால் என் பார்வையில் இந்தச் சூத்திரத்தில் கற்றுக்கொள்ள வேண்டியது பெருக்கல் அல்ல, அந்த எண்ணை எப்படி எடுப்பது என்பதுதான். நீலகிரியில் ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். தேயிலை, காரட், உருளைக்கிழங்கு, ஏப்ரல்–மே சீசனுக்கு வரும் சுற்றுலாப் பயணிகள், இவைதான் பிழைப்பு. கீழே உள்ள எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை, யாருடைய புள்ளிவிவரமும் அல்ல. எல்லாம் கோடி ரூபாயில், விலையேற்றத்தை நீக்கிய மதிப்பில்.

முதல் ஆண்டு உற்பத்தி 1000. அடுத்தடுத்த ஆண்டுகளில் அது 1060, 1040, 1130, 1200, 1270 என்று போகிறது. முதல் ஐந்து ஆண்டுகளில் போட்ட முதலீடு 240, 250, 250, 270, 290. ஒவ்வோர் ஆண்டு முதலீட்டின் பலனும் மறு ஆண்டு உற்பத்தியில் தெரிகிறது என்று எடுத்துக்கொள்கிறோம்.

ஆண்டுக்கு ஆண்டு வகுத்துப் பாருங்கள். முதலாம் ஆண்டு 240 போட்டு 60 கூடியது, ஐகார் 4. இரண்டாம் ஆண்டு 250 போட்டும் உற்பத்தி 20 குறைந்தது. ஜனவரியில் கடும் உறைபனி விழுந்து செடி கருகியது, அப்புறம் கோடை மழையும் பொய்த்தது. ஐகார் மைனஸ் 12.5! அடுத்த ஆண்டு செடி தழைத்தது, 90 கூடியது, ஐகார் 2.8. பிறகு 3.9, 4.1. இந்த ஐந்தையும் கூட்டி சராசரி எடுத்தால் அரைக்கும் கீழே ஓர் எண் வருகிறது. அதற்கு அர்த்தமே இல்லை. “பனி விழுந்த ஆண்டு விதிவிலக்கு, அதை விட்டுவிடலாம்” என்று சொல்லி மற்ற நான்கின் சராசரியை எடுத்தால் 3.7. பார்க்க நியாயமாகத் தெரியும், ஆனால் அது கள்ளக் கணக்கு. மூன்றாம் ஆண்டு 2.8 வந்ததே முந்தைய ஆண்டு சரிவிலிருந்து மீண்டதால்தான். சரிவை நீக்கிவிட்டு மீட்சியை மட்டும் வைத்துக்கொண்டால், முதலீடு நிஜத்தைவிடத் திறமையாக வேலை செய்ததுபோல் தோன்றும்.

சரியான வழி, ஐந்தாண்டு முதலீட்டை மொத்தமாகக் கூட்டி, ஐந்தாண்டு உற்பத்தி உயர்வால் ஒரே தடவை வகுப்பது. முதலீடு 1300, உயர்வு 270. ஐகார் 4.8. தேயிலை ஊர்களில் ஐந்தாண்டுக் கணக்குக்கு இன்னொரு காரணமும் உண்டு. நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை செடியைக் கவாத்து செய்தாக வேண்டும், கவாத்து செய்த ஆண்டில் இலை குறையும். ஒரு சுற்று முழுவதையும் அளந்தால்தான் அந்த ஏற்ற இறக்கம் அடங்கும். ஆனால் தொடக்க ஆண்டும் முடிவு ஆண்டும் ஏறக்குறைய சமமான ஆண்டுகளாக இருக்க வேண்டும். மோசமான ஆண்டில் தொடங்கி நல்ல ஆண்டில் முடித்தால் ஐந்தாண்டுக் கணக்கும் பொய் சொல்லும்.

இந்த வட்டாரம் இப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 5% வளர்கிறது, வருமானத்தில் 24% முதலீடு செய்கிறது. இனி 7% வேண்டுமாம். 3.7-ஐ நம்பினால் 26% போதும். 4.8-ஐ நம்பினால் 34% வேண்டும். உற்பத்தி 1270 கோடியாக இருக்கும் ஓர் ஊரில் இந்த இரண்டு விடைக்கும் நடுவே ஏறத்தாழ 100 கோடி ரூபாய் நிற்கிறது. ஆண்டுதோறும்.

சரி, 34 தான் விடையா? அதுவும் இல்லை. இங்கேதான் பலரும் தாண்டிப்போகும் ஒரு விஷயம் இருக்கிறது.

நாம் கூட்டிய 1300 கோடி முழுவதும் புதிய திறனைச் சேர்க்கவில்லை. மழையில் அரித்த சாலையைத் திரும்பப் போட்டது, இலையை நசுக்கி நறுக்கும் சி.டி.சி. உருளைகள் தேய்ந்ததும் மாற்றியது, பழைய லாரிக்குப் பதில் புது லாரி வாங்கியது எல்லாம் அதற்குள் இருக்கின்றன. இவை உற்பத்தியை இருந்த இடத்தில் நிறுத்தி வைக்கத்தான் உதவும். வளர்ச்சி பூஜ்யமாக இருந்தாலும் இந்தச் செலவு இருக்கும். எனவே இலக்கு 5-லிருந்து 7-க்கு உயர்ந்தால், தேய்மானத்துக்கான பகுதி அதே விகிதத்தில் உயர வேண்டியதில்லை. 4.8-ஐ நேரடியாக 7-ஆல் பெருக்கும்போது நாம் அதையும் சேர்த்து ஊதிவிடுகிறோம்.

தேய்மானத்தைத் தனியே பிரித்தால் சூத்திரம் இப்படி மாறும்:

முதலீட்டு விகிதம் = மூலதன–உற்பத்தி விகிதம் × (வளர்ச்சி + தேய்மானம்)

இங்கே மூலதன–உற்பத்தி விகிதம் என்பது ஐகார் அல்ல, இருக்கும் மொத்த மூலதனத்தை ஆண்டு உற்பத்தியால் வகுத்தது. அந்த மூலதனத்தில் ஆண்டுக்கு 4% தேய்கிறது என்று கொள்வோம். நடந்ததைப் போட்டுப் பார்த்தால் 24-ஐ (5 + 4)-ஆல் வகுக்க வேண்டும், விகிதம் 2.67. இப்போது 7% இலக்குக்கு 2.67-ஐ (7 + 4)-ஆல் பெருக்கினால் 29.3%. அதாவது 1270 கோடியில் 372 கோடி. இப்போதைய 24%-க்கு மேல் இன்னும் 67 கோடி திரட்ட வேண்டும். 26-க்கும் 34-க்கும் நடுவில் விழும் இந்த விடையைத்தான் நான் ஏற்பேன்.

மெதுவாக வளரும் ஊருக்கு ஐகார் ஏன் எப்போதும் அதிகமாகத் தெரிகிறது என்பதும் இதில் விளங்கிவிடும். அதே 2.67, அதே 4% தேய்மானம், ஆனால் வளர்ச்சி 2% மட்டும் என்றால் முதலீடு 16%. பதினாறை இரண்டால் வகுத்தால் ஐகார் 8! ஊரில் யாரும் பணத்தை வீணடிக்கவில்லை, போட்டதில் பெரும்பகுதி பழையதைக் காப்பாற்றவே போயிற்று. இரண்டு மாவட்டங்களின் ஐகாரைப் பக்கத்தில் வைத்து ஒன்றைத் திறமையற்றது என்று சொல்லும் கட்டுரைகளைப் படிக்கும்போது, முதலில் அவற்றின் வளர்ச்சி வேகத்தைப் பார்ப்பது நல்லது.

விலை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 1990-களின் கடைசியில் நீலகிரியில் பச்சைத் தேயிலை விலை சரிந்ததை இங்குள்ள சிறு விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். விலை மாற்றத்தை நீக்கிய கணக்கில் அந்தச் சரிவு சரியாகத் தெரியாது. பறித்த இலை கிலோ கணக்கில் குறையாதவரை உற்பத்தியும் குறையவில்லை என்றே காட்டும், ஐகாரும் அமைதியாக இருக்கும். ஆனால் அடுத்த முதலீட்டுக்கான பணம் வீட்டில் இருக்காது. நடப்பு விலையில் கணக்குப் போட்டால் வேறு சிக்கல். தேயிலை விலை ஏறிய ஆண்டில், முதலீடே இல்லாமல் ஊர் வளர்ந்துவிட்டதாகக் காட்டும். ஆகவே ஐகாரை நிலையான விலையில் கணக்கிட்டு, பணம் எங்கிருந்து வரும் என்பதைத் தனித்தாளில் நடப்பு விலையில் பார்க்க வேண்டும்.

கடைசியாக, 372 கோடியும் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது எதில் போகிறது? நீலகிரியில் முதலீடு என்றாலே அணையும் மின்நிலையமும் நினைவுக்கு வரும். பைக்காரா மின்நிலையம் 1932-இல் ஓடத் தொடங்கியது. இப்போது போர்த்திமந்து, அவலாஞ்சி–எமரால்டு நீர்த்தேக்கங்களை இணைத்து 500 மெகாவாட் குந்தா நீரேற்று மின்திட்டம் கட்டப்படுகிறது. இப்படிப்பட்ட திட்டத்தில் பணம் ஆண்டுக்கணக்கில் சுரங்கத்துக்குள் போய்க்கொண்டே இருக்கும், கடைசியில் எந்திரங்கள் சுழலத் தொடங்கும்வரை மின்சாரம் வராது. தேயிலையும் அப்படித்தான், நட்ட செடி முழு விளைச்சலுக்கு வர சில ஆண்டுகள் ஆகும். ஆனால் நம் சூத்திரம் இன்று போட்டது அடுத்த ஆண்டே பலன் தரும் என்று எண்ணிக்கொண்டிருக்கிறது.

இதையும் கணக்கில் பார்த்துவிடலாம். 372 கோடியில் 80 கோடி இந்த ஐந்தாண்டுக்குள் முடியாத ஒரு திட்டத்துக்குப் போகிறது என்போம். பலன் தரப்போவது மீதி 292 கோடி, வருமானத்தில் 23%. அதை 2.67-ஆல் வகுத்து, தேய்மானம் 4-ஐக் கழித்தால் 4.6%. 7%-ஐக் குறிவைத்துக் கூடுதலாக 67 கோடி திரட்டிய ஊர், பழைய 5%-ஐக்கூடத் தொடவில்லை. ஐந்தாண்டு கழித்து ஐகாரைக் கணக்கிட்டால் அது ஏறியிருக்கும், எல்லோரும் திட்டத்தைக் குறைசொல்வார்கள். அதனால்தான் முடிவடையாத பணிகளில் கிடக்கும் பணத்தை ஆண்டுதோறும் தனியே எழுதி வைக்க வேண்டும். அந்தப் பதிவு இல்லாத கணக்கில், முதலீடு வீணானதா, இன்னும் முடியவில்லையா என்பதைப் பிரித்துச் சொல்ல வழியே கிடையாது.