முன் பிரேக் ஆளைத் தூக்கி எறியுமா? ஒரு விழிப்புணர்வு வீடியோவுக்கான காட்சிகள்

"முன் பிரேக்கைத் தொடாதே, குப்புறத் தள்ளிவிடும்." பைக் ஓட்டப் பழகும் முதல் நாளே பலரும் கேட்கும் அறிவுரை இது. உண்மையா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். சாலைப் பாதுகாப்பு வீடியோ எடுக்க நினைப்பவர்கள் அப்படியே படமாக்கிக்கொள்ளும்படி, பதிலைக் காட்சிகளாகவே எழுதியிருக்கிறோம்.

காட்சி 1. காலி மைதானம், பகல்.

தரையில் சுண்ணாம்புக் கோடு. அங்கிருந்து டேப் பிடித்து 14, 28, 45 மீட்டரில் மூன்று கூம்புகளை வைக்கிறார்கள். இந்தக் காட்சிக்கு யாரும் வேகமாக ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை.

பின்னணிக் குரல்: "வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். முன்னால் போன பஸ் சட்டென்று நிற்கிறது. அதைக் கண்டு, கையும் காலும் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி. அதற்குள் வண்டி 14 மீட்டர் ஓடிவிட்டது. காய்ந்த தார் ரோட்டில் இரண்டு பிரேக்கையும் சரியாகப் பிடித்தால் அடுத்த 14 மீட்டரில் நிற்கலாம். பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் 31 மீட்டர் ஆகும்."

கேமரா இரண்டாவது கூம்பில் நிற்கிறது. "இரண்டு பிரேக்கையும் பிடித்தவர் நின்றுவிட்ட இந்த இடத்தை, பின் பிரேக்கை மட்டும் மிதித்தவர் 37 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கிறார்." இந்த வரிக்குப் பிறகு மூன்று விநாடி மௌனம் விடுங்கள்.

காட்சி 2. பைக்கின் முன் ஃபோர்க், மிக நெருக்கத்தில்.

ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் ஒரு கேபிள் டையைக் கட்டி, கீழே ரப்பர் சீல் வரை இறக்கிவிடுங்கள். 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, பின் பிரேக்கில் மட்டும் நிறுத்துங்கள். டை கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். மறுபடி கீழே இறக்கி, இரண்டு பிரேக்கையும் படிப்படியாக இறுக்கி நிறுத்துங்கள். இப்போது நன்றாகவே மேலேறி நிற்கும். பாரம் முன்னால் போனதற்கான சாட்சி அது.

120 கிலோ வண்டி, 65 கிலோ ஆள் என்று வைத்துக்கொள்வோம். நிற்கும்போது முன் சக்கரத்தில் ஏறக்குறைய 83 கிலோ, பின் சக்கரத்தில் 102 கிலோ. நன்றாகப் பிரேக் பிடிக்கும் கணத்தில் 62 கிலோ முன்னால் நகர்ந்து, முன்னே 145, பின்னே வெறும் 40 ஆகிவிடும். டயரின் பிடிமானம் அதை அழுத்தும் பாரத்தைப் பொறுத்தது. 40 கிலோ மட்டுமே அழுத்தும் சக்கரம் எவ்வளவுதான் பிடித்துவிடும்? மிதித்தால் லாக் ஆகி வழுக்கும். பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் நகரும் பாரம் இதைவிடக் குறைவு; ஆனாலும் அதை மட்டும் நம்புகிறவருக்கு நடப்பது இந்த மாதிரிதான்.

சரி, தூக்கி எறியுமா? பின் சக்கரம் தரையை விட்டு எழ, இந்த வண்டிக்குப் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 1.15 மடங்கு வேகக் குறைப்பு வேண்டும். சமதளத் தார் ரோட்டில் சாதாரண டயர் தருவது 0.8 மடங்கு அளவில்தான். ஆள் பறப்பதற்கு முன்பே டயர் வழுக்கிவிடும். அப்படியானால் முன் பிரேக் பிடித்தவர்கள் ஏன் விழுகிறார்கள்?

காட்சி 3. மெக்கானிக் கடை.

"அண்ணே, முன் பிரேக் பிடிச்சு ஒருதடவை விழுந்துட்டேன். அதிலேர்ந்து தொடுறதே இல்ல."

"டப்புனு பிடிச்சிருப்ப தம்பி. முன்சக்கரத்துல பாரம் எறங்குறதுக்குள்ள லாக் ஆயிருக்கும். மொதல்ல லேசா பிடி, ஃபோர்க் அமுங்கட்டும். அதுக்கப்புறம் இறுக்கு."

பாரம் நகர்வது கண நேரத்தில் முடிவதில்லை. ஃபோர்க் அமுங்க விநாடியின் ஒரு பகுதி ஆகும். அதற்கு முன் முழு பலத்தோடு லீவரைப் பிடித்தால் முன் சக்கரத்தில் இருப்பது அந்தப் பழைய 83 கிலோதான். சக்கரம் சுழலாமல் நின்று இழுபடும். சுழலாத முன் சக்கரத்தால் வண்டியைத் திருப்பவும் முடியாது, நிமிர்த்தவும் முடியாது. ஒரு விநாடிக்குள் பக்கவாட்டில் சாயும். முன்பக்கம் வழுக்குவது தெரிந்தால், உடனே லீவரை விட்டுவிட்டு மறுபடி மெதுவாகப் பிடிக்க வேண்டும். ஏ.பி.எஸ். செய்வதும் இதே வேலைதான், விநாடிக்குப் பல முறை.

இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். 125 சிசி வரையிலான வண்டிகளுக்கு சி.பி.எஸ். இருந்தாலே போதும் என்றது அந்த விதி. அது பின் பிரேக்கை அழுத்தும்போது முன் பிரேக்கையும் ஓரளவு சேர்த்துப் பிடிக்கும், ஆனால் சக்கரம் லாக் ஆவதைத் தடுக்காது. லைசென்ஸ் தேர்வில் எட்டுப் போடச் சொல்கிறோம். அவசரமாக நிறுத்திக் காட்டவும் சொல்ல வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

காட்சி 4. மழை. பிறகு மணல் சிதறிய வளைவு.

இங்கே பிடிமானமே குறைவு, அதனால் இரண்டு பிரேக்கும் மென்மையாகத்தான். வளைவுக்குள் சாய்ந்திருக்கும்போது டயரின் பிடிமானத்தில் ஒரு பங்கு திரும்புவதற்கே போய்விடும். ஆகவே வேகத்தை வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே குறைத்துவிட வேண்டும். ஈரமான வெள்ளைக் கோட்டின் மேல் சக்கரம் இருக்கையில் பிரேக்கை அழுத்தக் கூடாது.

காட்சி 5. அதே மைதானம், காலை.

ஹெல்மெட்டும் கையுறையும் போட்டவர் 20 கிலோமீட்டரில் தொடங்கிப் பழகுகிறார். இரண்டு விரல் லீவரில், பார்வை தூரத்தில், முழங்கால்கள் டேங்கை இறுக்கியபடி. 20இல் சத்தமில்லாமல் நிற்க வந்தபின் 30. கிளம்புவதற்கு முன் ஒரு குளோசப்: லீவரை முழு பலத்தோடு இழுக்கிறார். அது கைப்பிடியைத் தொட்டுவிட்டால் அன்று பயிற்சி இல்லை; டிரம் பிரேக்கானால் கேபிளை இறுக்கி ஷூவைப் பார்க்க வேண்டும், டிஸ்க்கானால் ஆயிலையும் பேடையும் பார்க்க வேண்டும்.