30 சதவீதப் பங்கும் ஒரு வரி லாபமும்: ஈக்விட்டி முறை எப்படி வேலை செய்கிறது

ஆண்டறிக்கையின் பின்பாதியில், குழும நிறுவனங்களையும் சேர்த்துப் போடும் ஒருங்கிணைந்த லாப நட்டக் கணக்கில், வரிக்கு முந்தைய லாபத்துக்குச் சற்று மேலே ஒரு வரி இருக்கும்: 'இணை நிறுவனங்களின் லாபத்தில் பங்கு'. கம்பெனி பங்கு வாங்கியவர்களில் பலர் இதை வந்து சேர்ந்த பணம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அது அப்படி இல்லை. அந்த வரி எப்படி உருவாகிறது என்று தெரிந்தால்தான், கம்பெனி காட்டும் லாபத்தில் எவ்வளவு கைக்கு வந்தது என்று பிரித்துப் பார்க்க முடியும்.

முதலில் இணை நிறுவனம் என்றால் என்ன? 2013 கம்பெனிகள் சட்டத்தின் 2(6) பிரிவு சொல்வது இது. ஒரு கம்பெனி இன்னொன்றின் மீது கணிசமான செல்வாக்கு வைத்திருக்கிறது, ஆனால் அது தன் கட்டுப்பாட்டில் உள்ள துணை நிறுவனம் அல்ல என்றால், அது இணை நிறுவனம். மொத்த வாக்குரிமையில் 20 சதவீதமாவது கையில் இருப்பதும், ஒப்பந்தத்தின் மூலம் தொழில் முடிவுகளில் பங்கேற்பதும் செல்வாக்கில் சேரும். பெரிய கம்பெனிகளுக்கான கணக்கியல் தரமான இண்ட் ஏஎஸ் 28-இல் இந்த 20 சதவீதம் ஒரு அனுமானம் மட்டுமே. 15 சதவீதம்தான் இருக்கிறது, ஆனால் இயக்குநர் குழுவில் நம் ஆள் உட்கார்ந்து டிவிடெண்ட் எவ்வளவு என்பது வரை பேசுகிறார் என்றால் செல்வாக்கு உண்டு. 25 சதவீதம் இருந்தும் எந்த முடிவிலும் பங்கேற்க வழியே இல்லை என்று தெளிவாகக் காட்ட முடிந்தால், இல்லை.

ஐடிசி நல்ல உதாரணம். ஹோட்டல் தொழில் அதன் சொந்தப் பிரிவாக இருந்தவரை, ஹோட்டல் வருமானமும் செலவும் ஐடிசியின் கணக்கிலேயே வரிக்கு வரி கலந்திருந்தன. 2025 ஜனவரி 1 முதல் ஐடிசி ஹோட்டல்ஸ் தனியாகப் பிரிந்தது. சுமார் 40 சதவீதத்தை ஐடிசி வைத்துக்கொண்டது, மீதி 60 சதவீதம் ஐடிசியின் பங்குதாரர்களுக்குப் போனது. ஹோட்டல் இப்போது இணை நிறுவனம். அதன் அறை வாடகையும் சம்பளமும் ஐடிசியின் ஒருங்கிணைந்த கணக்கில் வராது, லாபத்தில் உள்ள பங்கு மட்டும் ஒரே வரியாக வரும். இப்படி எழுதுவதுதான் ஈக்விட்டி முறை.

அந்த ஒரு வரியை எப்படிக் கணக்கிடுவது? எண்ணோடு பார்த்தால் எளிது. ஒரு நூற்பாலை, தன்னிடம் நூல் வாங்கும் ஒரு பின்னலாடைக் கம்பெனியின் 30 சதவீதப் பங்கை ஏப்ரல் 1 அன்று 12 கோடி ரூபாய்க்கு வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். (வரியின் விளைவை இங்கே விட்டுவிடுகிறேன், கணக்கு குழம்பாமல் இருக்க.)

பின்னலாடைக் கம்பெனியின் ஏட்டுப்படி நிகரச் சொத்து 30 கோடி. அதில் 30 சதவீதம் 9 கோடி. அப்படியென்றால் ஏன் 12 கோடி கொடுத்தார்கள்? இயந்திரங்களின் உண்மை மதிப்பு ஏட்டில் இருப்பதைவிட 4 கோடி அதிகம். அதில் நம் பங்கு 1.20 கோடி. மிச்சம் 1.80 கோடி நற்பெயருக்காகக் கொடுத்தது. இந்த நற்பெயர் தனிச் சொத்தாக எங்கும் எழுதப்படாது, முதலீட்டின் ஏட்டு மதிப்புக்குள்ளேயே கிடக்கும், ஆண்டுதோறும் குறைக்கவும் மாட்டார்கள். ஆக, முதல் நாள் பதிவு வெறும் 12 கோடி.

அந்த ஆண்டு பின்னலாடைக் கம்பெனியின் வரிக்குப் பிந்தைய லாபம் 5 கோடி. நம் பங்கு 1.50 கோடி. இதை அப்படியே எழுதிவிட்டு நகர்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. இரண்டு கழிவுகள் பாக்கி இருக்கின்றன.

ஒன்று, இயந்திரத்துக்காக நாம் கூடுதலாகக் கொடுத்த 1.20 கோடி. இயந்திரத்தின் மீத ஆயுள் 8 ஆண்டு என்றால், ஆண்டுக்கு 15 லட்சம் தேய்மானம். பின்னலாடைக் கம்பெனியின் ஏட்டில் இந்தத் தேய்மானம் இருக்காது, ஏனென்றால் அந்த விலையைக் கொடுத்தது நாம். அதனால் நாம்தான் கழிக்க வேண்டும்.

இரண்டு, நூற்பாலை விற்ற நூலில் ஒரு பகுதி மார்ச் 31 அன்று பின்னலாடைக் கம்பெனியின் கிடங்கிலேயே இருக்கிறது. அந்த இருப்பில் நூற்பாலை வைத்த லாபம் 40 லட்சம். அந்த நூல் துணியாகி வெளியே போகும்வரை, அதில் 30 சதவீதம் நமக்கு நாமே விற்ற லாபம் போலத்தான். எனவே 12 லட்சத்தைக் கழிக்க வேண்டும்.

1.50 கோடியில் 15 லட்சமும் 12 லட்சமும் போக, 1.23 கோடி. லாபத்தில் நம் பங்கு இதுதான்.

அப்புறம் டிவிடெண்ட். பின்னலாடைக் கம்பெனி மொத்தம் 1 கோடி அறிவித்தது, நமக்கு வந்தது 30 லட்சம். ஒருங்கிணைந்த கணக்கில் இது வருமானம் அல்ல. லாபம் உண்டானபோதே பங்கை எழுதிவிட்டோம். இப்போது அந்த லாபத்தில் ஒரு பகுதி பணமாக வெளியே வந்துவிட்டதால், முதலீட்டின் மதிப்பு அந்த அளவு குறையும். ஆண்டு முடிவில் ஏட்டு மதிப்பு 12 கோடியோடு 1.23 கூட்டி 0.30 கழித்தால் 12.93 கோடி.

இதே நூற்பாலையின் தனிக் கணக்கைத் திறந்தால் படம் வேறு. அங்கே ஈக்விட்டி முறைக்கு இண்ட் ஏஎஸ் 27 இடம் தருவதில்லை. முதலீட்டை வாங்கிய விலையிலேயே வைத்திருந்தால் 12 கோடியாக நிற்கும், 30 லட்சம் டிவிடெண்ட் வருமானமாக வரும். தனிக் கணக்கில் 30 லட்சம், ஒருங்கிணைந்த கணக்கில் 1.23 கோடி. இரண்டுமே சரி. ஆனால் பணமாக வந்தது 30 லட்சம் மட்டும்தான்.

இதை ரொக்க ஓட்ட அறிக்கையில் கண்ணால் பார்க்கலாம். லாபத்திலிருந்து தொடங்கும் முதல் பகுதியில் இணை நிறுவனப் பங்கான 1.23 கோடியைக் கழித்திருப்பார்கள். கீழே முதலீட்டு நடவடிக்கைகள் பகுதியில் 30 லட்சம் டிவிடெண்ட் வரவாக நிற்கும். ஆண்டுக்கு ஆண்டு மேலே உள்ள எண் பெருகி, கீழே உள்ள எண் அசையாமல் இருந்தால், லாபம் இணை நிறுவனத்துக்குள்ளேயே தங்குகிறது என்று அர்த்தம். அவர்கள் விரிவாக்கத்துக்கு வைத்திருக்கலாம், அல்லது கடனாளிகளிடம் சிக்கியிருக்கலாம். எது என்று கேட்க பங்குதாரருக்கு உரிமை உண்டு, கேளுங்கள்.

நட்டம் வந்தால்? அதே வழியில் பங்கு நட்டம் கழிந்துகொண்டே வரும், பூஜ்யம் வரை. இணை நிறுவனத்துக்குத் திருப்பிக் கேட்கும் எண்ணமில்லாத நீண்டகாலக் கடன் கொடுத்திருந்தால், நட்டம் அதையும் தின்னும். அதற்கு மேல் எழுத வேண்டியதில்லை. ஆனால் வங்கிக்கு ஜாமீன் கொடுத்திருப்பது போல சட்டப்படி பொறுப்பேற்றிருந்தால், அந்த அளவுக்குப் பொறுப்பைக் காட்டியே ஆக வேண்டும். எழுதாமல் விட்ட நட்டம் மறைந்துவிடாது. பிறகு லாபம் வந்தால், விட்ட நட்டம் முழுக்க ஈடான பின்புதான் நம் கணக்கில் லாபம் ஏறும். பூஜ்யத்தில் நிற்கும் முதலீட்டைப் பார்த்தால், குறிப்புகளில் 'அங்கீகரிக்கப்படாத நட்டப் பங்கு' எவ்வளவு என்று தேடுங்கள்.

துணை நிறுவனமே இல்லாமல் இணை நிறுவனம் மட்டும் இருந்தாலும், கம்பெனிகள் சட்டத்தின் 129(3) பிரிவின்படி பொதுவாக ஒருங்கிணைந்த கணக்கு தயாரிக்க வேண்டும், சில பட்டியலிடப்படாத கம்பெனிகளுக்கு நிபந்தனையோடு விலக்கு உண்டு. அதோடு ஏஓசி-1 என்ற படிவமும் சேரும். அதன் 'பி' பகுதியில் ஒவ்வொரு இணை நிறுவனத்துக்கும் எத்தனை சதவீதம், செல்வாக்கு எப்படி வந்தது, கடைசியாகத் தணிக்கையான இருப்புநிலைக் குறிப்பின் தேதி என்ன என்பதெல்லாம் இருக்கும். நான் ஆண்டறிக்கையை எடுத்தால் முதலில் பார்ப்பது அந்தத் தேதியைத்தான். இரு கம்பெனிகளின் கணக்கு முடியும் நாள் வேறுபட்டால், இடைவெளி 3 மாதத்துக்கு மேல் போகக் கூடாது. தணிக்கை தேதி ஒரு வருடம் பின்தங்கியிருந்தால், அந்த 1.23 கோடி தணிக்கையாகாத கணக்கிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். தணிக்கையாளர் அறிக்கையின் 'பிற விஷயங்கள்' பத்தியில் அதை அவர் சொல்லியிருப்பார்.