சோறு, சாம்பார், முட்டை: பெங்களூரு அரசுப் பள்ளித் தட்டில் எவ்வளவு சத்து இருக்கிறது?

"அதான் தினமும் முட்டை குடுக்கறாங்களே அக்கா, அப்புறம் என்ன கணக்கு?" என்று அல்சூரில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி கேட்டாள். அவளுடைய மகன் அரசுப் பள்ளியில் மூன்றாவது படிக்கிறான். நியாயமான கேள்விதான். ஆனால் முட்டை இருப்பதாலேயே நாம் கவனிக்காமல் விட்டுவிடும் ஒரு விஷயம் இருக்கிறது: சாம்பாரில் போடும் பருப்பு.

முதலில் விதி. இங்கே எல்லோரும் பிசி ஊட்டா என்று சொல்லும் மதிய உணவு, 2021-ல் பிஎம் போஷண் என்று பெயர் மாறிய மத்தியத் திட்டத்தின் கீழ் வருவது. கர்நாடகத்தில் அக்ஷர தாசோஹ என்ற பெயரில் நடக்கிறது. ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைக்கு ஒரு வேளையில் 450 கலோரியும் 12 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வரை என்றால் 700 கலோரி, 20 கிராம் புரதம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கும் எண்கள் இவை, கேட்டுப் பெறும் உரிமை. இதற்காகச் சின்ன வகுப்புப் பிள்ளை ஒன்றுக்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய், 5 கிராம் எண்ணெய் என்று அளவு வைத்திருக்கிறார்கள்.

முட்டை இந்த அளவுக்குள் வராது. அது மாநிலம் மேலே சேர்த்துக் கொடுப்பது. வாரம் இரண்டு நாள் என்று இருந்தது, 2024-ல் அசீம் பிரேம்ஜி அறக்கட்டளையின் பணத்தோடு ஆறு நாளானது. ஆக, முட்டையைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தாலும் தட்டு 450-ஐயும் 12-ஐயும் தொட வேண்டும்.

தொடுகிறதா என்று போட்டுப் பார்ப்போம். 100 கிராம் பச்சரிசியில் சுமார் 355 கலோரி, 8 கிராம் புரதம். 20 கிராம் துவரம்பருப்பில் 66 கலோரி, நாலு கிராமுக்குக் கொஞ்சம் மேலே புரதம். எண்ணெய் 45 கலோரி, புரதம் கிடையாது. காயில் ஒரு 15 கலோரி, ஒரு கிராமுக்கும் குறைவான புரதம். கூட்டினால் ஏறக்குறைய 480 கலோரி, 13 கிராம் புரதம். விதிக்குப் போதும், ஆனால் புரதத்தில் மிச்சம் ஒரே கிராம்தான். பிள்ளைக்கு ஐந்து கிராம் பருப்பு குறைந்தாலே கணக்கு கீழே இறங்கிவிடும்.

இந்த எண்கள் எல்லாமே வேகாத பொருளின் எடைக்கு உரியவை. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். தட்டில் இருக்கும் சோற்றை நிறுத்து, 250 கிராம் இருக்கிறது என்று அதை அரிசிக் கணக்கில் பெருக்கினால் சோறு மட்டுமே 890 கலோரி என்று வரும். வெந்த சோற்றில் பாதிக்கு மேல் தண்ணீர். 100 கிராம் அரிசி வெந்தால் 250 முதல் 300 கிராம் சோறாகும். எனவே வெந்த சோறு 100 கிராமுக்கு 130 கலோரி, 3 கிராம் புரதம் என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

சோற்றைத் தட்டில் நிறுத்துவிடலாம், சாம்பாரை முடியாது. ஒரே அண்டாவில் முதலில் வரிசையில் நிற்கும் பிள்ளைக்கு மேலே மிதக்கும் புளித்தண்ணீர் விழும், கடைசிப் பிள்ளைக்கு அடியில் தங்கிய பருப்பு விழும். பரிமாறும் அம்மா ஒவ்வொரு முறையும் கரண்டியை அடிவரை விட்டுக் கிளறினால்தான் எல்லோருக்கும் ஒன்றுபோல் போகும். கரண்டி அடியைத் தொடுகிறதா, மேலாக மொள்கிறதா என்று அரை நிமிடம் நின்றால் தெரிந்துவிடும். ஆனால் மொத்தத்தில் எவ்வளவு பருப்பு போட்டார்கள் என்பதை நிறம் பார்த்துச் சொல்லவே முடியாது. மஞ்சளும் சாம்பார்ப் பொடியும் கொஞ்சம் பரங்கிக்காயும் சேர்ந்தால் தண்ணிச் சாம்பாரும் கெட்டியாகத் தெரியும்.

அதனால் கணக்கைத் தட்டிலிருந்து தொடங்காமல் சமையலறையிலிருந்து தொடங்குவதுதான் நல்லது. அன்றைக்கு அண்டாவில் போட எடுத்த அரிசி, பருப்பு, எண்ணெய், காய் ஒவ்வொன்றையும் சாப்பிட்ட தலைகளால் வகுக்க வேண்டும். இருப்புப் பதிவேட்டில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல், முடிந்தால் பருப்பை அண்டாவில் போடுவதற்கு முன் நிறுத்துப் பாருங்கள். தலைகளையும் வருகைப் பதிவை வைத்து எண்ணாமல் பந்தியில் எண்ணுங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு. ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பள்ளி, அன்று சாப்பிட்டது 62 பேர் என்று வைத்துக்கொள்வோம். விதிப்படி 6.2 கிலோ அரிசியும் 1,240 கிராம் பருப்பும் போயிருக்க வேண்டும். நிறுத்துப் பார்த்தால் அரிசி 5.6 கிலோ, பருப்பு 800 கிராம், எண்ணெய் 250 கிராம், காய் 2 கிலோ. ஒரு பிள்ளைக்கு அரிசி 90 கிராம், பருப்பு 13 கிராம், எண்ணெய் 4, காய் 32. கலோரி சுமார் 410, புரதம் பத்தரை கிராம். இரண்டுமே விதிக்குக் கீழே.

இப்போது முட்டையைச் சேருங்கள். ஓடு நீக்கி 50 கிராம் இருக்கும் முட்டையில் சுமார் 70 கலோரி, 6 கிராம் புரதம். தட்டு 480 கலோரி, பதினாறரை கிராம் என்று ஏறிவிடும். பார்ப்பவருக்கு எல்லாம் நிறைவாகத் தெரியும். உண்மையில் நடந்தது என்ன? மேலே கிடைக்க வேண்டிய முட்டையில் ஒரு பங்கு, குறைந்த பருப்பை ஈடுகட்டப் போய்விட்டது. அரிசியும் பருப்பும் ஒழுங்காகப் போட்டிருந்தால் அந்தப் பிள்ளைக்கு 19 கிராம் கிடைத்திருக்கும். முட்டை தனியாக, பருப்பு தனியாக என்று இரண்டு வரியில் எழுதி வைத்தால்தான் இந்த ஓட்டை கண்ணில் படும்.

ஏழாம், எட்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளியில் மொத்த அரிசியை மொத்தத் தலையால் வகுத்து 100 கிராம் வந்துவிட்டது என்று நிறுத்திவிடக் கூடாது. பெரிய பிள்ளைகளுக்கு 150 கிராம் அரிசி, 30 கிராம் பருப்பு. 40 சின்னவர்களும் 22 பெரியவர்களும் இருந்தால் அரிசி 7.3 கிலோ, பருப்பு 1,460 கிராம் வேண்டும். பெரியவர்களுக்கு முழு அளவு போட்டாலும் சோறும் சாம்பாரும் சேர்ந்து 20 கிராமுக்கு ஒரு நூல் கீழேதான் நிற்கும். அங்கே பருப்பு குறைவது இன்னும் வலிக்கும்.

பெரிய மையச் சமையலறையிலிருந்து வேனில் சாப்பாடு வரும் பள்ளிகளில் பருப்பு மூட்டையைப் பார்க்க வழியில்லை. அங்கே சோற்றை மட்டும் ஐந்தாறு தட்டில் நிறுத்துச் சராசரி எடுக்கலாம். பருப்புக்கு, அன்று எத்தனை பேருக்கு எத்தனை கிலோ போட்டார்கள் என்று சமையலறையில் எழுத்தில் கேட்க வேண்டும். பள்ளி மேம்பாட்டு, கண்காணிப்புக் குழுவான எஸ்டிஎம்சியின் கூட்டத்தில் தலைமை ஆசிரியர் வழியாகக் கேட்டால் வேலை நடக்கும். பந்தி முடிந்ததும் மிச்சச் சோற்றையும் ஒருமுறை நிறுத்துவிடுங்கள். மூன்று கிலோ சோறு மிஞ்சினால் ஒரு கிலோவுக்கு மேல் அரிசி யார் வயிற்றுக்கும் போகவில்லை என்று அர்த்தம், அதைக் கழித்துவிட்டுத்தான் வகுக்க வேண்டும்.

முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழமோ கடலை மிட்டாயோ கொடுக்கிறார்கள். வாழைப்பழத்தில் கலோரி உண்டு, புரதம் ஒரு கிராம்தான். கடலை மிட்டாய் பரவாயில்லை, அதில் 15 கிராம் வேர்க்கடலை இருந்தால் மூன்றரை கிராம் புரதம் வரும். மேலே சொன்ன 62 பேரில் வாழைப்பழம் வாங்கிய பிள்ளைக்கு மொத்தமே பதினொன்றரை கிராம். பருப்பு குறைந்தது அந்தத் தட்டில் மறையவே மறையாது. என் தெருப் பெண்ணிடம் அன்று சொன்னதும் இதைத்தான்: உன் பையன் தட்டை விட்டுவிட்டு, பக்கத்தில் பழத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் தட்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்.