டெம்பரிங்: ‘டெம்பர் ஏத்துறது’ இல்ல, பதம் வாங்குறது

நம்ம ஊரு பட்டறைல "டெம்பர்"னா எல்லாரும் கடினம்னு தான் நினைக்கிறாங்க. ட்ரில் பிட்ட ஓவரா கிரைண்ட் பண்ணி நீலமாயிட்டா "டெம்பர் போச்சு"ன்றோம், கத்தி மழுங்கினா "டெம்பர் ஏத்தணும்"ன்றோம். ஆனா இங்கிலீஷ்ல அந்த சொல்லோட அர்த்தம் கிட்டத்தட்ட இதுக்கு நேர் எதிர். டெம்பரிங்னா ஏத்துறது இல்ல, இறக்குறது. இந்த ஒரு குழப்பத்தால ஒரு ஷாஃப்ட் உடைஞ்சத நான் கூட இருந்து பாத்தேன், அதனால தான் இத எழுதுறேன்.

50 எம்எம் ஷாஃப்ட், ஈஎன் 19 ஸ்டீல். அதாவது 0.4 சதவீதம் கார்பன், ஒரு சதவீதம் வாக்குல குரோமியம், கொஞ்சம் மாலிப்டினம். அனுப்புனவர் "நல்லா டெம்பர் ஏத்திக் குடுங்க"ன்னு மட்டும் சொல்லிட்டாரு. ஹீட் ட்ரீட்மெண்ட் பண்றவரும் 850 டிகிரில சூடேத்தி எண்ணெயில முக்கி, அப்புறம் 200 டிகிரில சும்மா ஒரு சூடு காட்டி அனுப்பிட்டாரு. கடினம் அளந்து பாத்தா ராக்வெல் சி 53 காட்டுச்சு, ஃபைல் போட்டா வழுக்குச்சு, எல்லாருக்கும் சந்தோஷம். மெஷின்ல மாட்டி மூணாவது நாள் கீவே மூலையில, அதாவது கீ உக்கார வெட்டுன பள்ளத்தோட மூலையில, பட்டுன்னு போயிருச்சு. கொஞ்சம் கூட வளையல, ரெண்டு துண்டையும் சேத்து வச்சா கண்ணாடி டம்ளர் மாதிரி அச்சா பொருந்துது.

சரி, சொல்லுக்கு வருவோம். "டெம்பர்" லத்தீன்ல "டெம்பராரே"ங்கற வினைல இருந்து வந்தது. சரியான அளவுல கலக்குறது, மிதப்படுத்துறதுன்னு அர்த்தம். டெம்பரேச்சர், டெம்பரமெண்ட் எல்லாம் அதே வேர் தான். சூடான இரும்ப எண்ணெயில முக்குறதுக்குச் சொல்ற "குவென்ச்" பழைய இங்கிலீஷ் சொல், நெருப்ப அணைக்கிறதுன்னு பொருள், தாகத்தத் தணிக்கிறதுக்கும் அதையே சொல்வாங்க. அதப் பாத்துட்டு சில பேரு "தணித்தல்"னு மொழிபெயர்க்கிறாங்க, எனக்கு அது பிடிக்கல, ஏன்னா தணிக்கிறதுன்னா ஏதோ சாந்தமாகுற மாதிரி இருக்கு, ஆனா அந்த எண்ணெய்த் தொட்டில நடக்குறது சாந்தமே இல்ல. கொல்லுப்பட்டறைல அரிவாளுக்குத் தோய்ச்சல் போடுறதுன்னு சொல்ற "தோய்ச்சல்" தான் குவென்ச்சிங்குக்குச் சரியான சொல்.

தோய்ச்சல்ல என்ன நடக்குதுன்னா, 850 டிகிரில இரும்போட அணு அடுக்கு வேற மாதிரி இருக்கும் (ஆஸ்டெனைட்னு பேரு), அதுக்குள்ள கார்பன் தாராளமா கரைஞ்சு உக்காந்திருக்கும். மெதுவா ஆற விட்டா அடுக்கு மாறும்போது கார்பன் வெளிய வந்து தனியா தகடு தகடா படிஞ்சுரும். ஆனா எண்ணெயில முக்குனா கார்பன் வெளிய வர நேரமே கிடைக்காது, உள்ளயே மாட்டிக்கிட்டு மொத்த அடுக்கையும் இழுத்து நீட்டி வச்சிரும். இதுக்குப் பேரு மார்டென்சைட், அடால்ஃப் மார்டென்ஸ்னு ஒரு ஜெர்மன்காரர் நினைவா வச்சது. அடுக்கு இப்படி இறுகிப் போனதால உள்ள எதுவும் வழுக்கி நகர முடியாது, அதனால தான் கடினம். நொறுங்குறதுக்கும் அதே தான் காரணம்: ஒரு சின்ன கீறலோட நுனில விசை குவியும்போது நல்ல ஸ்டீலா இருந்தா அந்த இடம் லேசா இளகி நுனி மழுங்கிரும், இங்க இளக வழியில்லாததால கீறல் நேரா ஓடிரும். நம்ம கீவே மூலை கீறல் மாதிரி தான், விசை குவியுற இடம்.

இப்ப தான் டெம்பரிங். தோய்ச்ச ஷாஃப்ட்ட கை தாங்குற சூட்டுக்குக் கொஞ்சம் மேல இருக்கும்போதே, ஆறி ராத்திரி பூரா கிடக்க விடாம, ரெண்டாவது ஃபர்னஸ்ல போட்டு 600 டிகிரில ரெண்டு மணி நேரம் வைக்கணும். மாட்டிக்கிட்ட கார்பன் மெல்ல வெளிய வந்து பொடிப் பொடி கார்பைடு உருண்டையா இரும்பு முழுக்கத் தூவுன மாதிரி படியும், உள்ள இருந்த இழுவிசையும் தளரும். ராக்வெல் சி 53ல இருந்து 30 பக்கம் இறங்கிரும், வலிமை 950 மெகாபாஸ்கல் வாக்குல வரும்.

பாதி வலிமைய இறக்கிட்டா அப்புறம் எதுக்கு முக்கணும், சும்மா ஆற விட்டாலே போதாதான்னு ஒருத்தர் கேட்டாரு. நியாயமான கேள்வி தான். சும்மா காத்துல ஆறுன ஸ்டீல்ல கார்பைடு நீள நீளத் தகடா இருக்கும், தகடு உடைஞ்சா அதுவே கீறலுக்கு ரோடு போட்டுக் குடுத்த மாதிரி. பொடி உருண்டையா இருந்தா கீறலுக்கு அப்படி நீளமா வழி கிடைக்காது, அதே சமயம் உள்ள வழுக்கி நகர்றதுக்கு அடிக்கடி முட்டுக்கட்டை இருக்கும். அதனால வலிமையும் சேந்து கிடைக்கும், உடையாத குணமும் கிடைக்கும். இந்த உருண்டைகள இவ்ளோ பொடியா, இவ்ளோ சீரா தூவணும்னா முதல்ல கார்பன் எல்லா இடத்துலயும் மாட்டிக்கிட்டு நிக்கணும். தோய்ச்சல் அதுக்குத் தான், ஷாஃப்ட்டப் பொறுத்தவரை அந்த 53 கடினம் போய்ச் சேர்ற இடம் இல்ல, போற வழில வர்ற ஊரு.

இதுல இருந்தே இன்னொரு விஷயம் வரும். நடு வரைக்கும் மார்டென்சைட் ஆகணும்னா நடுவும் வேகமா ஆறணும். ஈஎன் 8 மாதிரி சாதா கார்பன் ஸ்டீல்ல 50 எம்எம் கனத்துக்கு மேல்தோல் மட்டும் தான் நல்லா பிடிக்கும், உள்ள அதே பழைய தகடு தான். ஈஎன் 19ல குரோமியமும் மாலிப்டினமும் இருக்கறது கார்பன் வெளிய வர்றதத் தாமதப்படுத்த, அதனால எண்ணெயோட வேகமே போதும்.

200க்கும் 600க்கும் நடுவுல ஏதாவது 300, 350னு வச்சுக்கலாமேன்னும் தோணும். அது ஒரு பொறி. கிட்டத்தட்ட 250ல இருந்து 400 டிகிரி வரைக்கும் டெம்பர் பண்ணா கடினம் இறங்கும், ஆனா உடையாத குணம் ஏறாம சில சமயம் குறைஞ்சே போகும். ஹார்ட்னஸ் மட்டும் பாத்தா தெரியவே தெரியாது, நாட்ச் போட்டு சுத்தியலால அடிக்கிற இம்பாக்ட் டெஸ்ட்ல தான் தெரியும்.

உடைஞ்ச துண்டு கையில கிடைச்சாலும் கதை கொஞ்சம் தெரியும். சர்க்கரை மாதிரி பளபளன்னு மணி மணியா இருந்தா நொறுங்கிப் போயிருக்கு, சாம்பல் நிறத்துல நார் நாரா இருந்தா இழுத்துப் போராடி உடைஞ்சிருக்கு. ஏற்கனவே விரிசல் இருந்த இடத்துல உள் சுவர் கறுப்பா ஆக்சைடு படிஞ்சிருந்தா அந்த விரிசல் டெம்பரிங்குக்கு முன்னாடியே, பெரும்பாலும் தோய்ச்சல்ல, விழுந்தது, ஃபர்னஸ் சூட்டுல கறுத்திருக்கு, மெஷினத் திட்டாதீங்க.

அப்ப டெம்பரிங்குக்குத் தமிழ்ல என்ன? மொழிபெயர்ப்பு ஆப்ல போட்டா சில நேரம் "தாளித்தல்"னு வருது, சமையல்காரங்க கடுகு தாளிக்கிறதையும் டெம்பரிங்னு தான எழுதுறாங்க. இன்னொரு வேடிக்கை, மொபைல்ல ஒட்டுற "டெம்பர்டு கிளாஸ்", அது நெசமாவே கண்ணாடின்னா பெரும்பாலும் டெம்பரிங்கே கிடையாது. காருக்கும் கதவுக்கும் வர்ற டெம்பர்டு கிளாஸ சூடேத்தி வேகமா காத்து ஊதி ஆத்துவாங்க, அது தோய்ச்சல் வகை. புத்தகத்துல "பதப்படுத்துதல்"னு போடுறாங்க, மோசமில்ல, ஆனா இப்ப அந்தச் சொல்லக் கேட்டா டப்பால அடைச்ச மாம்பழக்கூழ் தான் ஞாபகம் வருது. என்னோட ஓட்டு வெறும் "பதம்". பாகுப் பதம், சோத்துப் பதம்னு அளவு பாத்து நிறுத்துறதுக்கு நாம வச்சிருக்கிற சொல், லத்தீன்காரன் சொன்ன சரியான அளவும் இதுக்குள்ளயே இருக்கு.

அந்த ஷாஃப்ட் ரெண்டாவது தடவ செஞ்சப்ப ஆர்டர்ல "டெம்பர்"னே எழுதல. "850ல எண்ணெய்த் தோய்ச்சல், 600ல பதம், ராக்வெல் சி 28-32, கீவே மூலைக்கு ரேடியஸ் வைக்கவும்"னு எழுதி அனுப்பினோம்.