பூட்டு போட்ட டைரியில் ஒன்பது சிரிப்பு முகங்கள்

பள்ளிப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். ஆண்டுக்கு நாலைந்து பேராவது இந்தக் கேள்வியோடு வருகிறார்கள்: "பிள்ளைக்குப் பதிமூணு வயசு ஆச்சு, எதையும் வெளியே சொல்ல மாட்டேங்குது, ஒரு டைரி வாங்கிக் கொடுத்தா எழுதுமா?" வாங்கிக் கொடுக்கலாம், நல்ல யோசனைதான். ஆனால் அந்த டைரி எப்படிப்பட்டது, யார் கையால் எப்படிக் கொடுக்கிறார்கள், கொடுத்த பிறகு வீட்டில் என்ன நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எட்டாம் வகுப்புப் பையன். தாத்தா இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. தினமும் பள்ளிவிட்டு வந்ததும் தாத்தாவோடுதான் கடைத்தெருவுக்குப் போவான். சாவு வீட்டிலும் அழவில்லை, அப்புறமும் அழவில்லை, கேட்டால் "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவான். நன்றாகச் சாப்பிட்டான், தூங்கினான், நண்பர்களோடு கிரிக்கெட்டும் ஆடினான். இதை முதலில் கவனிக்க வேண்டும். இந்த வயதில் மனசுக்குள் ஒரு அறையைக் கட்டிக்கொண்டு கதவைச் சாத்துவது வளர்ச்சிதான், நோய் இல்லை. சாப்பாடு, தூக்கம், விளையாட்டு, நண்பர்கள் என்று எல்லாமே இரண்டு வாரத்துக்கு மேல் குறைந்துகொண்டே போனால் அது வேறு விஷயம், அப்போது நோட்டு வாங்கிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது, ஆளைப் பார்க்க வேண்டும்.

தாய்மாமன் பிறந்தநாளுக்கு ஒரு டைரி வாங்கி வந்தார். தடித்த அட்டை, சின்னப் பூட்டு, சாவி. ஒவ்வொரு பக்கத்திலும் மேலே "இன்று உன் மனநிலை என்ன?" என்று அச்சடித்து, சிரிப்பிலிருந்து அழுகை வரை ஐந்து முகங்கள். கேக் வெட்டிய கையோடு எல்லார் முன்னாலும் கொடுத்தார், "மனசுல இருக்கறத எல்லாம் இதுல எழுதணும், சரியா?" என்றார். மூன்று வாரம் கழித்து அம்மா அதைத் திறந்து பார்த்தார். சாவி பேனா டப்பாவிலேயே கிடந்தது. ஒன்பது நாள் எழுதியிருந்தான். ஒன்பது நாளும் சிரிப்பு முகத்தில் டிக், கீழே "ஐ ஆம் ஹேப்பி" என்று ஒரே வரி. பத்தாவது பக்கத்திலிருந்து வெள்ளை.

"பாருங்க, பையன் சந்தோஷமாத்தான் இருக்கான்" என்று அம்மா அதை என்னிடம் எடுத்து வந்தார். எனக்கு அந்த ஒன்பது முகங்களும் வேறு மாதிரி தெரிந்தன. அவன் தனக்காக எழுதவில்லை, திறந்து பார்க்கப் போகிற ஆளுக்காக எழுதியிருக்கிறான். அம்மா திறந்ததும் அவன் நினைத்தது சரி என்று ஆகிவிட்டது.

இரண்டாவது முறை மாமாவும் நானும் உட்கார்ந்து பேசித் திட்டமிட்டோம். நோட்டு சாதாரணமானது, எண்பது பக்கம், கோடு போடாதது, மெல்லிய அட்டை. விலை அதிகமான அழகான நோட்டைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு முதல் பக்கத்தைக் கெடுத்துவிடுவோமோ என்று பயம் வரும், அடித்துத் திருத்தக் கூட யோசிப்பார்கள். மலிவான நோட்டில் கிறுக்கலாம், கிழிக்கலாம். கூடவே ஒரு பழைய மிட்டாய் டப்பாவில் இருபது துண்டுச் சீட்டுகள், மாமாவே தன் கையெழுத்தில் எழுதியவை. எந்தச் சீட்டிலும் "நீ" என்ற சொல்லும் "மனசு" என்ற சொல்லும் வரக் கூடாது என்பதுதான் நாங்கள் வைத்துக்கொண்ட விதி. மூன்றைச் சொல்கிறேன்: "தெருமுனையில் படுத்திருக்கும் நாய்க்கு எல்லா வீட்டு ரகசியமும் தெரியும், நேற்று அது என்ன பார்த்தது?" "வீட்டில் இப்போது யாரும் தொடாத ஒரு பொருள், ராத்திரியில் என்ன நினைக்கும்?" "ஒரு பையன் பஸ்ஸை விட்டு இறங்காமல் கடைசி நிறுத்தம் வரை போய்விட்டான், ஏன்?"

மனநிலை என்ன என்று நேராகக் கேட்டால் வாயை மூடிக்கொள்கிற பிள்ளை, நாயின் மனநிலையைக் கேட்டால் ஒரு பக்கம் எழுதும். நாய்க்கு வந்த துக்கத்துக்கு அது யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா. இதில் புதிதாக ஒன்றும் இல்லை. அகப்பாட்டில் யாரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதி வைத்திருக்கிறது. தலைவி, தோழி, தாய் என்று மட்டும் வரும், துக்கத்தைக் கடற்கரையும் நாரையும் மாலை நேரமும் சுமக்கும். அந்தரங்கத்தைக் காப்பாற்றிக்கொண்டே அதைப் பற்றிப் பேசுவதற்கு நம் மொழி கண்ட வழி அது. கூச்சமுள்ள பதிமூன்று வயதுக்கு அது அப்படியே பொருந்துகிறது.

அடுத்தது வாக்குறுதி. இதை வாயால் சொன்னால் போதாது, அதுவும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்ட வீட்டில். முதலில் அம்மா அவனிடம், "உன் டைரியைத் திறந்து பார்த்தேன், தப்புதான், இனிமே பார்க்க மாட்டேன்" என்று சொன்னார். சொல்வதற்குள் அவருக்குத் தொண்டை அடைத்துவிட்டது என்று பிறகு சொன்னார். அப்புறம் நோட்டின் உள்ளட்டையில் மாமா நாலு வரி எழுத, அம்மாவும் அப்பாவும் கையெழுத்துப் போட்டார்கள்:

"இந்த நோட்டை நாங்கள் திறக்க மாட்டோம். திறந்தபடி கிடந்தாலும் படிக்காமல் மூடி வைப்போம். எழுதினாயா என்று கேட்க மாட்டோம், பக்கம் கிழிந்திருந்தாலும் கேட்க மாட்டோம். உன் உயிருக்கு ஆபத்து என்று பயம் வந்தால் மட்டும், நோட்டைத் தொடாமல் முதலில் உன்னிடம் வந்து கேட்போம்."

அந்தக் கடைசி வரி முக்கியம். எந்த நிலையிலும் தலையிட மாட்டோம் என்று பெற்றோர் வாக்குக் கொடுக்க முடியாது. கொடுத்துவிட்டு மீறுவதை விட, எல்லை எது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. நானும் என் அறைக்கு வரும் பிள்ளைகளிடம் முதல் நாளே இதைத்தான் சொல்கிறேன்.

இரண்டே அறை உள்ள வீட்டில் நோட்டை எங்கே வைப்பது என்ற கேள்வியும் உண்டு. ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை ஒன்றில் போட்டு, அவனே ஒரு இடம் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டோம். எழுதியதைக் கிழித்துப் போடலாம் என்பதையும் மாமா சொல்லித்தான் கொடுத்தார். எழுதும்போது கிடைக்கிற பலனுக்கு, எழுதிய தாள் பத்திரமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

அந்தப் பலன் எவ்வளவு என்பதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். 1986-ல் ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவரும் கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்களை மிகவும் பாதித்த சம்பவத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நடந்ததையும் அதனால் தோன்றியதையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் மற்றவர்களை விடக் குறைவாகவே மருத்துவ மையத்துக்குப் போனார்கள். ஆனால் எழுதி முடித்த உடனே அவர்கள் மனம் முன்பை விடச் சோர்ந்துதான் இருந்தது. பின்னால் வளரிளம் பருவத்தினரிடம் செய்த ஆய்வுகளில் பலன் சிறியதாகவே வந்தது. ஆகவே நோட்டு ஒரு உதவி, சிகிச்சை இல்லை. எழுதியவுடன் மனம் சற்றுக் கனக்கும் என்பதால், படுக்கப் போகும் நேரத்தில் எழுதுவதை விட மாலையில் கால் மணி நேரம் எழுதிவிட்டு வெளியே விளையாடப் போவது நல்லது என்று அவனிடம் மாமா சொல்லி வைத்தார். தினமும் எழுத வேண்டும் என்று சொல்லவில்லை.

முதல் மூன்று வாரம் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. கேட்பதில்லை என்று வாக்குக் கொடுத்தாயிற்று. அம்மா மட்டும் எனக்குப் போன் செய்து, "குப்பைக் கூடையில கிழிஞ்ச தாள் கிடக்குது சார், எடுக்காம இருக்கறது ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்றார். எடுக்கவில்லை. அதற்கு எவ்வளவு மனவலிமை வேண்டும் என்று பெற்றவர்களுக்குத் தெரியும்.

ஐந்தாவது வாரம் பள்ளியில் அவனே என் அறைக்கு வந்து ஒரு பக்கத்தைக் காட்டினான். யாரும் தொடாத பொருள் பற்றிய சீட்டு. தாத்தாவின் சைக்கிளைப் பற்றி எழுதியிருந்தான். பின்கட்டில் பழைய வேட்டியால் மூடி நிற்கிறது, டயரில் காற்று இறங்கிவிட்டது. சைக்கிள் பேசுகிறது: "என்னை ஓட்ட வேண்டாம். பெல் கூட அடிக்க வேண்டாம். வேட்டியை எடுத்துவிட்டு ஒரு தடவை தொட்டால் போதும்." இரண்டு எழுத்துப் பிழைகள் இருந்தன, நான் அவற்றைப் பார்க்காதது போல் விட்டுவிட்டேன்.

இந்த இடத்தில்தான் பெரியவர்கள் தவறு செய்வோம். "தாத்தா ஞாபகம் வருதாப்பா?" என்று கேட்டிருந்தால் நோட்டு அன்றே மூடியிருக்கும். அவன் சைக்கிள் என்று சொல்லும்போது நாமும் சைக்கிள் என்றுதான் சொல்ல வேண்டும். "அப்புறம் சைக்கிள் என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்டேன். "இன்னும் எழுதல" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "காத்து அடிச்சா ஓடும்னு நினைக்கிறேன்" என்றான். அவ்வளவுதான் பேச்சு.

எழுதுவது ஒத்துவராத பிள்ளைகளும் உண்டு. சிலர் ஒரே வருத்தத்தை ஒரே வார்த்தைகளில் சுற்றிச் சுற்றி எழுதுவார்கள், எழுத எழுத உள்ளே இறங்கிக்கொண்டே போவார்கள். நோட்டைப் படிக்காமலே இது தெரியும்: எழுதிவிட்டு வந்த பிறகு ராத்திரி வரைக்கும் முகம் தெளியாது, வாரக்கணக்கில் அப்படியே இருக்கும், அறையில் இருக்கும் நேரம் கூடிக்கொண்டே போகும். அப்போது எழுத ஊக்குவிப்பதை நிறுத்திவிட்டு ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள்.

பெற்றோர் அதிகம் பயப்படுவது, கதையில் யாராவது செத்துப் போனால். பதிமூன்று வயதுக் கதைகளில் ஆட்கள் நிறையச் சாவார்கள், பேய் வரும், ரத்தம் வரும், அது மட்டும் ஆபத்து இல்லை. கதை என்ற போர்வை இல்லாமல் "நான்" என்று தன்னைப் பற்றியே பேசுவது, எப்படி, எப்போது என்று திட்டம் போல வருவது, விடைபெறுவது, பிடித்த பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது, உடம்பில் கீறல்கள், இவைதான் ஆபத்தின் அடையாளம். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் தனியாக உட்கார்ந்து, "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்ட பிறகு தனியே விடாதீர்கள், 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில், டெலி மானஸில், எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். யாரோ பிள்ளையைத் துன்புறுத்துகிறார்கள் என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

அந்தப் பையன் இரண்டு மாதம் கழித்து மாமாவுக்குப் போன் செய்திருக்கிறான். நோட்டு தீர்ந்துவிட்டதாம். "அடுத்தது கோடு போட்டதா வாங்கிட்டு வாங்க மாமா, சீட்டு வேண்டாம், நானே யோசிச்சுக்கறேன்" என்றானாம்.